போனஸ் வந்த வாரம்: மொத்தமாகப் போடுவதா, மாதாமாதம் போடுவதா?

போன வருடம் மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு சித்தப்பா மகன் போன் செய்தான். திருச்செங்கோட்டுக்காரன், பெங்களூருவில் கக்கதாசபுரத்தில் குடியிருக்கிறான், சி.வி.ராமன் நகர் பக்கம் ஐ.டி. வேலை. "அண்ணா, போனஸ் ஏறிடுச்சு. ஃபண்டுல ஒரே அடியா போட்டுடட்டுமா, இல்ல எஸ்.ஐ.பி.யா பிரிச்சுப் போடட்டுமா? ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான். நாளைக் காலையில் லேப்டாப்போடு வீட்டுக்கு வா என்றேன். அன்று சாப்பாட்டு மேஜையில் நாங்கள் போட்ட கணக்கும், அதன்பின் அவன் செய்த வேலைகளும்தான் இந்தக் கட்டுரை. பங்குச் சந்தையில் பணம் போடும் ஈக்விட்டி ஃபண்டுக்குப் புதியவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை போனஸ் வாங்குபவர்கள், இதே வரிசையில் செய்து பார்க்கலாம்.

முதலில் கையில் வந்தது எவ்வளவு

கடிதத்தில் இருந்த தொகை 5 லட்சம். அவன் சம்பளம் 24 லட்சத்துக்கு மேல் என்பதால் புதிய வரிமுறையில் கடைசி அடுக்கு, 30 சதவீதம். அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 31.2 சதவீதம், 1,56,000 ரூபாய், பெரும்பாலும் அதே மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அவன் கணக்கில் வந்தது 3,44,000. இதைச் சொல்லக் காரணம், கடிதத்தைப் பார்த்ததுமே 5 லட்சத்துக்கும் மனதில் இடம் ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

அதில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு 44,000 தனியே வைத்தோம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் முதல் செலவு. ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும் வட்டியை எந்த ஃபண்டும் ஈடுகட்டாது. அவனுக்குப் பாக்கி இல்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம் ஏற்கெனவே ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருந்தது. வீடு மாறும் எண்ணம் இருக்கிறதா என்றும் கேட்டேன், ஏனென்றால் இந்த ஊரில் வாடகை அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று கேட்பார்கள். இல்லை என்றான்.

இன்னொரு கேள்வி, பலருக்கு நினைவுக்கு வராதது: இந்தப் போனஸைத் திருப்பிக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதா? வேலையில் சேரும்போது தரும் போனஸ், 'இருங்கள், போகாதீர்கள்' என்று தரும் போனஸ் ஆகியவற்றுக்கு, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்ட பணம் அந்தக் கெடு முடியும்வரை ஈக்விட்டிக்குப் போகக்கூடாது. அவனுடையது வழக்கமான ஆண்டுப் போனஸ்தான். சரி, 3 லட்சம் முதலீட்டுக்கு என்று முடிவானது.

கேள்வியே கொஞ்சம் கோணலானது

எஸ்.ஐ.பி.யா மொத்தமா என்று கேட்கும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. மாதச் சம்பளக்காரர் எஸ்.ஐ.பி. போடுவதற்குக் காரணம் சந்தையைப் பற்றிய ஞானம் அல்ல. பணம் மாதாமாதம்தான் வருகிறது, வந்த அன்றே போடுகிறார், அவ்வளவுதான். ஒருவிதத்தில் அவர் ஒவ்வொரு மாதமும் மொத்தமாகத்தான் போடுகிறார். போனஸ் அப்படியில்லை. அது ஏற்கெனவே மொத்தமாகக் கைக்கு வந்துவிட்டது. ஆகவே கேட்கவேண்டியது, 'இருக்கிற பணத்தை எத்தனை மாதத்தில் ஈக்விட்டிக்குள் நகர்த்துவது?' என்பதே. பூஜ்யம் மாதம் என்றால் மொத்தம். ஆறு மாதம் என்றால் தவணை.

பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு, மாதம் 25,000 எஸ்.ஐ.பி. போட்டு, ஒரு வருடத்தில் தீர்த்துவிடலாம் என்பதுதான் அவன் அலுவலக நண்பர் சொன்ன வழி. நான் அதை எதிர்த்தேன். பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வட்டி இப்போது 2.5 சதவீத அளவில்தான் இருக்கிறது. கண்ணில் படும் பணம் நிற்கவும் நிற்காது. ஐந்தாவது மாதம் புது பைக் வந்து வாசலில் நிற்கும். அப்புறம் எஸ்.ஐ.பி. படிவத்தில் முடிவுத் தேதியை நீங்களாக மாற்றாவிட்டால் பல பத்தாண்டுகள் தள்ளி ஒரு தேதி தானாக விழுந்துவிடும். போனஸ் பணம் பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்த பிறகும் பதின்மூன்றாவது மாதம் 25,000 கேட்டு வங்கிக்கு உத்தரவு வரும். கணக்கில் பணம் இல்லையென்றால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, வங்கி போடும். தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் அந்த எஸ்.ஐ.பி. ரத்தாகும்.

சம்பளத்திலிருந்து போகும் மாத எஸ்.ஐ.பி. அது பாட்டுக்குப் போகட்டும், அதைத் தொடவேண்டாம். போனஸுக்கு வேறு கருவி இருக்கிறது. எஸ்.டி.பி. என்பார்கள். மொத்தப் பணத்தையும் முதலில் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தை வைக்கும் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து ஒரு குறிப்பிட்ட தொகை குறிப்பிட்ட தேதிகளில் ஈக்விட்டி ஃபண்டுக்குத் தானாக மாறும்படி செய்வது. வங்கிக் கணக்கு நடுவில் வராது. செலவழிக்கக் கை நீளாது.

இரண்டு வருடங்கள், ஒரே 3 லட்சம்

மொத்தமாகப் போடுவதே மேல் என்பவர்களும், பிரித்துப் போடுவதே மேல் என்பவர்களும் ஆளுக்கொரு வருடத்தைக் காட்டுவார்கள். இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். நிஃப்டி 50 குறியீட்டின் மாதக் கடைசி எண்களையே ஃபண்டின் விலையாக வைத்துக்கொண்டோம். டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் 2020 ஏப்ரல். கோவிட் சரிவு முடிந்த நேரம் (அது முடிந்துவிட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது). ஏப்ரல் கடைசியில் நிஃப்டி 9,860. அன்றைக்கு 3 லட்சத்தையும் போட்டிருந்தால் 30.43 யூனிட். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதக் கடைசியில் ஐம்பதாயிரமாக ஆறு தவணை போட்டிருந்தால், விலை 9,860, 9,580, 10,302, 11,073, 11,388, 11,248 என்று நகர்ந்ததில், கிடைத்திருப்பது 28.49 யூனிட். செப்டம்பர் கடைசியில் மொத்தமாகப் போட்டவரின் மதிப்பு சுமார் 3,42,000. பிரித்துப் போட்டவருக்குச் சுமார் 3,20,500. பயந்து காத்திருந்ததற்கு விலை 21,500 ரூபாய்க்குப் பக்கம்.

அடுத்து 2024 செப்டம்பர். ஜூனில் கணக்காண்டை முடித்து செப்டம்பரில் போனஸ் கொடுக்கும் அமெரிக்க நிறுவனங்கள் இந்த ஊரில் உண்டு, ஆகவே இது கற்பனைத் தேதி அல்ல. அந்த மாதக் கடைசியில் நிஃப்டி 25,811, உச்சத்தைத் தொட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. மொத்தமாகப் போட்டவருக்கு 11.62 யூனிட். பிரித்துப் போட்டவர் 25,811, 24,205, 24,131, 23,645, 23,508, 22,125 என்று இறங்கிக்கொண்டே வந்த விலைகளில் வாங்கி 12.58 யூனிட் சேர்த்திருப்பார். 2025 பிப்ரவரி கடைசியில் முதலாமவர் கையில் சுமார் 2,57,000, இரண்டாமவர் கையில் சுமார் 2,78,000. இங்கே பிரித்துப் போட்டவருக்கு லாபம் 21,000.

இரண்டு வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது தற்செயல்தான், ஆனால் பார்த்ததும் தம்பி சிரித்துவிட்டான். "அப்ப டாஸ் போட்டுப் பாத்துடலாமா?"

முழுக்க டாஸ் இல்லை. சந்தை நீண்ட காலத்தில் இறங்கிய மாதங்களைவிட ஏறிய மாதங்கள் அதிகம். ஆகவே வெளியே காத்திருக்கும் பணம் சராசரியாக இழக்கிறது. வான்கார்ட் நிறுவனம் 2012இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பழைய தரவுகளை வைத்துப் பார்த்தபோது, மொத்தமாகப் போட்டது, பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போட்டதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை வென்றது. வெறும் கணக்கு மட்டும் போதுமென்றால் விடை மொத்தமாகப் போடுவதுதான்.

ஆனால் பணத்தைப் போட்டவன் அதற்குப் பிறகு என்ன செய்கிறான் என்பது அந்தக் கணக்கில் இல்லை. என் கதை அதுதான். 2008 ஜனவரி முதல் வாரம், நிஃப்டி 6,200ஐத் தாண்டியிருந்தது. அப்போது வந்த போனஸ் 1 லட்சத்தை ஒரு ஏஜென்ட் சொன்னபடி ஒரே ஃபண்டில் போட்டேன். வாசலிலேயே 2.25 சதவீத நுழைவுக் கட்டணம் போனது (2009 ஆகஸ்டில் செபி அதை ஒழித்தது). அக்டோபர் கடைசியில் நிஃப்டி 2,600க்கும் கீழே. அதற்கு முன் ஒரு ரூபாய்கூடச் சந்தையில் வைத்திராத எனக்கு, சேர்த்த பணம் பூராவும் அதுதான் என்பதால், தூக்கம் போயிற்று. டிசம்பரில் விற்றேன். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் நிஃப்டி மறுபடி 6,000ஐத் தொட்டது. என்னைக் கெடுத்தது மொத்தமாகப் போட்டது அல்ல, விற்றது. இருந்தாலும் மொத்தமாகப் போட்டிராவிட்டால் விற்றிருக்க மாட்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆக, பிரித்துப் போடுவது ஒரு இன்சூரன்ஸ். சராசரியாகக் கொஞ்சம் செலவு வைக்கும், மோசமான ஆண்டில் ஓடிவிடாமல் காக்கும். அந்தச் செலவைச் செய்யவேண்டிய ஆள் யார் என்பதுதான் மிச்சக் கேள்வி.

எத்தனை மாதம்: ஒரே ஒரு விகிதம்

இதற்குச் சந்தை நிலவரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஈக்விட்டியில் எவ்வளவு வைத்திருக்கிறோம், அதோடு ஒப்பிட இந்தப் போனஸ் எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

30 லட்சம் ஏற்கெனவே ஈக்விட்டியில் உள்ளவருக்கு 3 லட்சம் போனஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சந்தை 10 சதவீதம் விழுந்தால் பழைய பணத்தில் 3 லட்சம் குறையும், புதுப் பணத்தில் 30,000 குறையும். இதில் அந்த முப்பதாயிரத்தை மட்டும் காப்பாற்ற ஆறு மாதம் பிரித்துப் போடுவது, கூரை ஒழுகும் வீட்டில் ஒரு தம்ளரை மட்டும் மூடி வைப்பது போல. அவர் மொத்தமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஈக்விட்டியில் ஒன்றுமே இல்லாதவருக்கோ போனஸ்தான் எல்லாமும். அவர் 2008இல் இருந்த நான்.

நான் கைக்கொள்ளும் அளவு இது, விதி ஒன்றுமில்லை: போனஸ், ஏற்கெனவே உள்ள ஈக்விட்டியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் மொத்தமாக. அதற்கு மேல் பாதி வரை என்றால் மூன்று மாதம். பாதிக்கு மேல் என்றாலோ, இதுதான் முதல் முதலீடு என்றாலோ, ஆறு மாதம். ஆறுக்கு மேல் நான் போவதில்லை. பன்னிரண்டு மாதம் என்று இழுத்தால் அடுத்த போனஸ் வந்துவிடும். எப்போது பார்த்தாலும் ஒரு போனஸ் வெளியே நின்றுகொண்டிருக்கும்.

தம்பி இரண்டு வருடமாக மாதம் 15,000 எஸ்.ஐ.பி. போடுகிறான், அதன் மதிப்பு அப்போது 4 லட்சம். போனஸ் அதில் முக்கால் பங்கு. ஆறு மாதம்.

அடுத்த வருடம் இதே கேள்வி வராது என்பதையும் அவனுக்குக் காட்டினேன். சந்தை ஏறவேயில்லை, போட்ட பணம் மட்டும் அப்படியே நிற்கிறது என்று வைத்தாலும், ஆண்டுக்கு எஸ்.ஐ.பி. 1,80,000, போனஸ் 3,00,000 சேர்ந்தால், ஒரு வருடத்தில் 8,80,000 இருக்கும். அடுத்த 3 லட்சம் அதில் மூன்றில் ஒன்று. மூன்று மாதம் போதும். ஆறு வருடம் போனால் 32 லட்சத்தைத் தாண்டும், பிரிக்கவே வேண்டாம். இருபது வருடம் வேலை பார்க்கிறவருக்கு வருடா வருடம் வரும் போனஸே இருபது தவணைதானே. ஏறின வருடம் ஒன்று, இறங்கின வருடம் ஒன்று என்று அது தானாகவே பரவிவிடும். முதல் மூன்று நான்கு போனஸில்தான் பிரிப்பதற்கு அர்த்தம்.

செய்யும் முறை

முதலில் கே.ஒய்.சி. நிலையைப் பார்க்க வேண்டும். கே.ஒய்.சி. பதிவுகளை வைத்திருக்கும் கே.ஆர்.ஏ. நிறுவனங்களின் தளங்களில் பான் எண்ணைக் கொடுத்தால் காட்டும். `KYC Validated` என்று வந்தால் எந்த ஃபண்ட் நிறுவனத்திலும் நேரே போடலாம். `KYC Registered` என்றால் ஏற்கெனவே உள்ள நிறுவனத்தில் தொடரலாம், புதிய நிறுவனத்துக்குப் போகும்போது ஆதாரை வைத்து மறுபடி செய்யவேண்டியிருக்கும். `On Hold` என்றால் அதைச் சரிசெய்யாமல் எதுவும் நகராது; மின்னஞ்சலோ போன் எண்ணோ உறுதியாகாமல் இருக்கலாம், பெயர் பொருந்தாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயர்த் தொல்லை கூடுதல். பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். போனஸ் வரும் மாதத்துக்கு முந்தைய மாதமே இதைப் பார்த்து வைப்பது நல்லது.

இரண்டாவது, ஈக்விட்டி ஃபண்டை முதலில் தேர்ந்தெடுங்கள், லிக்விட் ஃபண்டை அதற்குப் பிறகு. பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்.டி.பி. ஒரே ஃபண்ட் நிறுவனத்துக்குள் மட்டும்தான் நடக்கும். ஒரு நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் ஈக்விட்டி ஃபண்டுக்குப் போகாது. தம்பி ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் ஏற்கெனவே எஸ்.ஐ.பி. போடுகிறான். அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டை எடுத்தோம், அதே ஃபோலியோ எண்ணில், அதாவது அந்த நிறுவனத்தில் அவனுக்கு இருக்கும் கணக்கு எண்ணில். இரண்டுமே `Direct Plan - Growth`. `Regular` என்றால் நடுவருக்கான கமிஷன் ஆண்டுச் செலவில் சேரும். `IDCW` என்றால் அவ்வப்போது பணத்தைப் பிரித்துக் கொடுத்து அதற்கு வரியும் கட்டவைக்கும். அவன் பயன்படுத்தும் செயலியில் எஸ்.டி.பி. வசதியே இல்லை. ஃபண்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பான் எண்ணை வைத்து உள்ளே போனோம்.

மூன்றாவது, லிக்விட் ஃபண்டில் பணம் போடுவது. யு.பி.ஐ.யில் வங்கிக்கு வங்கி வரம்பு மாறும் என்பதால் 3 லட்சத்தை நெட் பேங்கிங்கில் அனுப்பினோம். வேலை நாளில் மதியம் 1:30க்குள் ஃபண்ட் நிறுவனத்தின் கைக்குப் பணம் போய்விட்டால் முந்தைய நாள் என்.ஏ.வி., அதாவது யூனிட் விலை, கிடைக்கும். அரை மணி தாமதமானால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, ஒரு நாள் வட்டி, அவ்வளவுதான். முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது 3 லட்சத்துக்கு 15 ரூபாய். பின்னால் ஈக்விட்டிக்கு மாறும்போது இன்னொரு 15.

நான்காவது, எஸ்.டி.பி. பதிவு. இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். லிக்விட் ஃபண்டில் போட்ட முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் மிகச் சிறிய வெளியேறும் கட்டணம் உண்டு, ஏழாவது நாளிலிருந்து கிடையாது. ஆகவே முதல் தவணைத் தேதியைப் பத்து நாள் தள்ளி வைத்தோம். பதிவு நடப்புக்கு வரவும் நிறுவனங்கள் சில நாள் கேட்கும், அதற்கும் இது சரியாக இருந்தது. அடுத்தது, தொகையும் எண்ணிக்கையும்: `50,000`, மாதம் ஒருமுறை, `6` தவணை. குறைந்தது ஆறு தவணை வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. மூன்று மாதத் திட்டம் போடுகிறவர்கள் அங்கே வாராவாரம் என்று மாற்றி, பன்னிரண்டு வாரத் தவணையாக 25,000 போட்டுவிடலாம். பலன் ஒன்றுதான்.

பதிவானதும் வரும் மின்னஞ்சலில் நான்கு விஷயம் சரிபாருங்கள்: எந்த ஃபண்டிலிருந்து, எந்த ஃபண்டுக்கு, தொகை, கடைசித் தேதி. முதல் தவணை நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஃபோலியோவில் ஈக்விட்டி யூனிட் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

மொத்தமாகப் போடுகிறவர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. ஈக்விட்டி ஃபண்டில் நேரே வாங்கினால், மதியம் 3 மணிக்குள் பணம் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்.ஏ.வி. மூன்று மணிக்குள் நீங்கள் பட்டனை அழுத்தியது கணக்கில்லை, பணம் போய்ச் சேர்ந்ததுதான் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டுத் திங்கள் விலை வந்ததே என்று சண்டை போட இடமில்லை.

நடுவில் என்ன கெடும்

அவனுக்கு மூன்றாவது மாதம் கை அரித்தது. சரிவிலிருந்து சந்தை ஏறத் தொடங்கியிருந்தது. "மிச்சத்தையும் இப்பவே மாத்திடட்டுமா அண்ணா?" ஏறும்போது அவசரமும் இறங்கும்போது நிறுத்தும் ஆசையும் வரும். நிறுத்துவதுதான் பெரிய தப்பு, ஏனென்றால் 2024 கணக்கில் பார்த்த லாபம் முழுக்க இறங்கிய மாதத் தவணைகளில் வந்தது. 22,125இல் வாங்காமல் விட்டிருந்தால் பிரித்துப் போட்டதற்கே பொருளில்லை. அவனை நான் தடுக்கவில்லை. மாற்றினால் தப்பில்லை, கணக்குப்படி அது உனக்குச் சாதகமாகக்கூட இருக்கலாம், ஆனால் அடுத்த வருடம் சரிவில் நிறுத்தமாட்டேன் என்று உன்மேல் உனக்கு நம்பிக்கை இருந்தால் மாற்று என்றேன். மாற்றவில்லை.

வெளியேறும் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. பல இண்டெக்ஸ் ஃபண்டுகளில் அது இல்லை, ஆனால் மற்ற ஈக்விட்டி ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம் என்பது வழக்கம். அந்த ஒரு வருடம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடும். வரியும் அப்படியே. ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுக்கு நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் என்றால் 20 சதவீதம். ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பரில் முடித்த தவணைகள் அடுத்த ஏப்ரலில் எல்லாமே ஒரு வருடம் ஆகிவிட்டதாக நினைத்து விற்றால், கடைசி ஐந்துக்கும் 20 சதவீதம் விழும்.

லிக்விட் ஃபண்டில் காத்திருந்த பணத்தின் வருமானம் பெரிதல்ல. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால், தவணை போகப்போகக் குறையும் தொகைக்கு நான்காயிரம் சொச்சம்தான் வரும். வரி போக மூவாயிரத்துக்குள். அந்தச் சொச்சம் ஆறு தவணையும் முடிந்த பிறகு லிக்விட் ஃபண்டிலேயே தங்கிவிடும். தானாக எங்கும் போகாது. பலர் மறந்தே போகிறார்கள்.

தொகை சின்னதுதான், ஆனால் வருமான வரிப் படிவத்தில் ஒரு வேலை வைக்கும். எஸ்.டி.பி.யின் ஒவ்வொரு மாற்றமும் சட்டப்படி லிக்விட் ஃபண்டை விற்றதாகக் கணக்கு. 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய லிக்விட் ஃபண்டின் லாபம், எத்தனை நாள் வைத்திருந்தாலும் குறுகிய கால மூலதன ஆதாயமாகவே கொள்ளப்படும். உங்கள் அடுக்கு விகிதத்தில் வரி. சம்பளம் மட்டும் உள்ளவர்கள் வழக்கமாகப் போடும் `ITR-1` படிவத்தில் இதைக் காட்ட இடமில்லை. `ITR-2` போடவேண்டும். மூவாயிரம், நாலாயிரத்துக்காக யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தால், வருமான வரித் தளத்தில் உங்கள் `AIS` அறிக்கையைத் திறந்து பாருங்கள், ஆறு விற்பனையும் அங்கே வரிசையாக நிற்கும். ஃபண்டுகளின் பதிவாளர் தளத்தில் `Capital Gains Statement` என்று கேட்டால் ஆண்டு முழுக்கணக்கும் மின்னஞ்சலில் வந்துவிடும். படிவம் நிரப்ப அது போதும்.

தம்பிக்கு ஆறாவது தவணை செப்டம்பரில் போயிற்று. லிக்விட் ஃபண்டில் மிச்சம் இருந்த தொகையை அக்டோபரில் நானே நினைவுபடுத்தினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காமல் பஸ்ஸுக்கு அவன் முழித்துக்கொண்டிருந்த நேரம் அது. `Redeem` கொடுத்தான், அடுத்த வேலை நாளே கணக்கில் விழுந்தது, டிக்கெட்டுக்கு ஆயிற்று.